சிக்கு வாடை வருவதற்கு முன்

செக்கு எண்ணெய் வாங்க வருகிறவர்கள் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். நல்ல பழக்கம்தான், மூக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் அது தாமதமாகத்தான் சொல்லும். காற்றோடு சேர்ந்து எண்ணெய் கெடும்போது முதலில் உருவாகிற பொருள்களுக்கு வாடையே கிடையாது. அவை சேர்ந்து, பெருகி, உடைந்த பிறகுதான் நாம் 'சிக்கு' என்று சொல்கிற அந்தக் காறல் நெடி கிளம்புகிறது. வாடை வராத அந்த இடைக்காலத்தில் எண்ணெயின் நிலையைத் தெரிந்துகொள்ள ஆய்வகங்களில் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். ஒன்று அமில எண், மற்றது பெராக்சைடு எண். பியூரெட்டும் கூம்புக் குடுவையும் இருந்தால் போதும், பிளஸ் டூ வேதியியல் படித்தவருக்கு இரண்டும் பிடிபட்டுவிடும்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதை ஒரு கணக்கைக் கொண்டே பார்க்கலாம். கொங்குப் பகுதியில் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர், உணவு ஆய்வகத்துக்கு இரண்டு பாட்டில் கடலை எண்ணெய் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நாளில், ஒரே மூட்டைப் பருப்பில் ஆட்டியவை. முதல் பாட்டில் அவருடைய கிடங்கில், இருட்டில், வாய்வரை நிரம்பிய எவர்சில்வர் கேனிலிருந்து எடுத்தது. இரண்டாவது, கடைக்கு அனுப்பித் திரும்பி வந்தது. நிறமில்லாத பாட்டிலில், வெயில் படும் முகப்புத் தட்டில் எட்டு வாரம் நின்றிருக்கிறது.

"கடைக்காரர் ஏதோ ஒரு மாதிரி வாடை வருதுன்னு திருப்பிட்டாருங்க மேடம். எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலைங்க. கலப்படம்னு சொல்லிடுவாங்களோன்னுதான் பயமா இருக்குது."

"கலப்படம் வேற டெஸ்டுங்கண்ணா. இது கெட்டிருக்கா, எந்த வழியில கெட்டிருக்குன்னு பார்த்துடலாம்."

எந்த வழியில் என்பதுதான் முக்கியமான கேள்வி. எண்ணெய் கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரால் துண்டோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் இருந்தால், அதிலும் விதையின் நொதிகளோ பூஞ்சையின் நொதிகளோ கூட இருந்தால், அந்த ஒட்டு விட்டுப்போய்க் கொழுப்பு அமிலங்கள் தனியே பிரியும். இது முதல் வழி. இப்படிப் பிரிந்த அமிலம் எவ்வளவு என்று சொல்வது அமில எண். இரண்டாவது வழியில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பு அமிலச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்போது உண்டாகும் பொருளின் பெயர் ஹைட்ரோபெராக்சைடு. சரவெடியில் ஒன்று வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிற மாதிரி, ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். அதனால் முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்காததுபோல இருந்துவிட்டுத் திடீரென்று வேகம் பிடிக்கும். இதை அளப்பது பெராக்சைடு எண்.

முதலில் அமில எண். கூம்புக் குடுவையில் 10 கிராம் எண்ணெயை எடைபோட்டு எடுக்கிறார்கள். அதில் 50 மில்லி எத்தில் ஆல்கஹால் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும், அதைத் தீர்க்காவிட்டால் அந்தப் பழியும் எண்ணெய் மேல் விழும். அதனால் ஆல்கஹாலைச் சூடாக்கி, ஃபினால்ஃப்தலீன் சில சொட்டு விட்டு, மெல்லிய இளஞ்சிவப்பு வரும்வரை காரத்தைச் சொட்டவிட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போனால், நல்ல எண்ணெய்க்கும் எண் கூடுதலாகத்தான் வரும்.

பிறகு எண்ணெயையும் ஆல்கஹாலையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, சூடு ஆறுவதற்குள் பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எண்ணெய் அடியிலும் ஆல்கஹால் மேலுமாகப் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கினால்தான் எண்ணெய்க்குள் இருக்கும் அமிலம் மேலே வந்து காரத்தைச் சந்திக்கும். இளஞ்சிவப்பு தோன்றும், குலுக்கினால் மறையும், மறுபடி தோன்றும். மறையாமல் அரை நிமிடம் நிற்கும் அந்தச் சொட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கிடங்கு எண்ணெய்க்கு 0.1 நார்மல் கரைசல் 3.2 மில்லி செலவாகிறது. கணக்கு இப்படி: 56.1 × 3.2 × 0.1 ÷ 10, விடை 1.8. அதாவது ஒரு கிராம் எண்ணெயில் பிரிந்து கிடக்கும் அமிலத்தைத் தீர்க்க 1.8 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை. 56.1 என்பது அந்தக் காரத்தின் மூலக்கூறு எடை. இந்த எண்ணை ஏறக்குறையப் பாதியாக்கினால் தனி அமிலத்தின் சதவீதம் கிடைக்கும், இங்கே 0.9. வியாபாரிகள் 'எஃப்எஃப்ஏ' என்று சொல்வது இந்தச் சதவீதத்தைத்தான். ஒருவர் அமில எண்ணையும் மற்றவர் எஃப்எஃப்ஏவையும் சொல்லிக்கொண்டு ஒரே எண்ணெய்க்கு இரண்டு தரம் பேசுகிற குழப்பம் சந்தையில் நடப்பதுண்டு. பேரம் பேசுமுன் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கடையிலிருந்து வந்த பாட்டிலுக்கு 3.5 மில்லி. அமில எண் 2.0. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. சுத்திகரிக்காத கடலை எண்ணெய்க்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி 6 வரை அனுமதிக்கிறது. கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர விதி இன்னும் கண்டிப்பானது, செக்கு எண்ணெய்க்கு 4 வரைதான். எந்த அளவுகோலில் வைத்தாலும் இரண்டு பாட்டிலும் தேறிவிட்டன. சோதனையை இதோடு நிறுத்தியிருந்தால் கடைக்காரர் சொன்னது தப்பு என்றே முடிவாகியிருக்கும்.

இனி பெராக்சைடு எண். இதற்குக் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அளக்கிற நேரத்திலேயே காற்றும் வெளிச்சமும் அளவை மாற்றிவிடும். மூடியுள்ள குடுவையில் 5 கிராம் எண்ணெய் எடுத்து, மூன்று பங்கு அசிட்டிக் அமிலமும் இரண்டு பங்கு குளோரோஃபார்மும் கலந்த திரவம் 30 மில்லி ஊற்றிக் கரைக்கிறார்கள். குளோரோஃபார்ம் ஆவி உடம்புக்கு ஆகாது, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே செய்ய வேண்டும். இப்போது பல ஆய்வகங்கள் அதற்குப் பதில் ஐசோஆக்டேனுக்கு மாறிவிட்டன. கரைந்ததும் பொட்டாசியம் அயோடைடின் செறிவான கரைசல் அரை மில்லி விட்டு மூடி, அவ்வப்போது அசைத்துச் சரியாக ஒரு நிமிடம் வைக்க வேண்டும். எண்ணெயில் இருக்கும் பெராக்சைடுகள் அயோடைடை அயோடினாக மாற்றும். பெராக்சைடு எவ்வளவோ அவ்வளவு அயோடின். நிமிடம் நீண்டால் காற்றும் தன் பங்குக்கு அயோடினை உண்டாக்கிவிடும் என்பதால் கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டுதான் செய்வார்கள்.

ஒரு நிமிடம் முடிந்ததும் 30 மில்லி தண்ணீர் ஊற்றி, சோடியம் தயோசல்ஃபேட் கரைசலால் அந்த அயோடினைத் தீர்க்கத் தொடங்குகிறார்கள். மஞ்சள் மெல்ல வெளுத்து, கிட்டத்தட்ட மறையும் தறுவாயில்தான் ஸ்டார்ச் கரைசல் விடவேண்டும். முன்கூட்டியே விட்டால் ஸ்டார்ச் அயோடினைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. ஸ்டார்ச் விட்டதும் குடுவை கருநீலமாகிறது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். மேலே இருக்கும் தண்ணீர் நிறமிழந்துவிடும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அடியில் கனமான குளோரோஃபார்முக்குள் அயோடின் இன்னும் ஒளிந்திருக்கும். பலமாகக் குலுக்கினால் நீலம் திரும்பி வரும். குலுக்கியும் திரும்பாத நிலைதான் முடிவு.

எண்ணெய் இல்லாமல், மற்ற எல்லாத் திரவங்களையும் மட்டும் வைத்து இதே சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பதும் கட்டாயம். பழைய அயோடைடு கரைசல் தானாகவே மஞ்சளித்து அயோடினை விட்டுக்கொண்டிருக்கும், அது எண்ணெயின் கணக்கில் ஏறிவிடக் கூடாது. நம் சோதனையில் வெற்றுக் குடுவைக்கு 0.1 மில்லி செலவாகிறது. கிடங்கு எண்ணெய்க்கு 0.01 நார்மல் தயோசல்ஃபேட் 2.1 மில்லி. வெற்றுக் குடுவையின் அளவைக் கழித்தால் 2.0. அதை 0.01ஆலும் 1000ஆலும் பெருக்கி, 5ஆல் வகுத்தால் 4. ஒரு கிலோ எண்ணெய்க்கு 4 மில்லி ஈக்விவலென்ட் என்பது அதன் முழுப்பெயர், ஆய்வகத்தில் வெறுமனே 'பெராக்சைடு 4' என்பார்கள்.

கடை பாட்டிலுக்கு 11.6 மில்லி. அதே கணக்கில் 23.

செக்கு எண்ணெய்க்குக் கோடெக்ஸ் வைத்த வரம்பு 15, சுத்திகரித்த எண்ணெய்க்கு 10. கடைக்காரரின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கலப்படம் இல்லை, பருப்பில் குறை இல்லை, ஆட்டியதில் தப்பில்லை. வெயிலும் வெளிச்சமும் பாட்டிலுக்குள் இருந்த காற்றும் எட்டு வாரத்தில் செய்த வேலை அது. அமில எண் நகராமல் பெராக்சைடு எண் மட்டும் எகிறியதிலிருந்தே குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடுகிறது.

அமில எண் பெரும்பாலும் விதையின் பழைய கதையைச் சொல்கிறது. மழையில் நனைந்த நிலக்கடலை, சரியாகக் காயாத கொப்பரை, உடைந்து பூஞ்சை பிடித்த பருப்பு என்று எதிலிருந்து ஆட்டினாலும், செக்கிலிருந்து இறங்கும் நிமிடத்திலேயே அமில எண் கூடுதலாக இருக்கும். அதே நேரம் பெராக்சைடு எண் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் காற்று இன்னும் தன் வேலையைத் தொடங்கவில்லை. புதிதாக ஆட்டிய கடலை எண்ணெயில் அமில எண் 5, பெராக்சைடு 3 என்று வந்தால் நான் எண்ணெயை விட்டுவிட்டுப் பருப்பைப் பார்க்கச் சொல்வேன். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்லாடாக்சின் என்ற நச்சும் இருக்க வாய்ப்புண்டு. இந்த இரண்டு எண்களும் அந்த நச்சை அளப்பதில்லை, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கவைக்கிற முதல் அடையாளமாக அமில எண் உதவும்.

சுத்திகரித்த எண்ணெயில் இந்தப் பழைய கதை அழிக்கப்பட்டிருக்கும். ஆலையில் காஸ்டிக் சோடா சேர்த்துப் பிரிந்த அமிலங்களைச் சோப்பாக்கி நீக்கிவிடுவதும், அதிக வெப்பத்தில் நீராவி செலுத்தி ஓட்டிவிடுவதும் வழக்கம். அதனால்தான் சுத்திகரித்த எண்ணெய்க்கு விதியே 0.5 என்று இறுக்கமாக இருக்கிறது. அந்தப் பாட்டிலில் அமில எண் 0.2 என்றால் சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். விதை நல்ல விதை என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

பெராக்சைடு எண்ணைப் படிப்பதில் இதைவிடப் பெரிய ஒரு பொறி இருக்கிறது. அந்த எண் ஏறிக்கொண்டே போவதில்லை. ஹைட்ரோபெராக்சைடுகள் நிலையானவை அல்ல, ஓரளவு சேர்ந்ததும் உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறும். சிக்கு வாடை அவற்றிலிருந்துதான் வருகிறது. உருவாவதைவிட உடைவது வேகமாகும்போது பெராக்சைடு எண் இறங்கத் தொடங்கும். பழைய பாட்டிலில் நெடி மூக்கைத் துளைக்கும், சோதனையில் பெராக்சைடு 6 என்று வரும். எண்ணை மட்டும் பார்ப்பவர் 'நல்ல எண்ணெய்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இதற்காகவே உடைந்து வந்த ஆல்டிஹைடுகளை அளக்கும் அனிசிடின் எண் என்ற மூன்றாவது சோதனையும் இருக்கிறது. அந்த வசதி இல்லாத இடத்தில், பெராக்சைடு எண்ணும் மூக்கும் முரண்பட்டால் மூக்கின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது என் முடிவு.

பஜ்ஜிக் கடை வாணலியில் இந்தப் பொறி இன்னும் ஆழம். பொரிக்கிற சூட்டில் பெராக்சைடுகள் தங்குவதே இல்லை, உருவான வேகத்தில் சிதைந்துவிடும். எனவே திரும்பத் திரும்பச் சுடவைத்துக் கறுத்த எண்ணெயிலும் பெராக்சைடு எண் குறைவாகவே வரலாம். பொரிக்கும் பண்டத்திலிருந்து இறங்கும் தண்ணீரால் அமில எண் ஏறும், ஆனால் கறுத்த எண்ணெயில் ஃபினால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அப்போது நிறமற்ற நிலையிலிருந்து நீலத்துக்கு மாறும் தைமால்ஃப்தலீனைப் பயன்படுத்துவார்கள். பொரித்த எண்ணெய்க்கு மொத்தப் போலார் சேர்மங்கள் என்ற வேறொரு அளவுகோலை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருப்பதும் இந்தக் காரணங்களால்தான். 2018 ஜூலை முதல் அது 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஜப்பானில் 1960களில் எண்ணெயில் பொரித்த உடனடி நூடுல்ஸ் சாப்பிட்டுப் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. விசாரித்தபோது நூடுல்ஸில் ஊறியிருந்த எண்ணெய் கெட்டிருந்தது தெரிந்தது. அதன் பிறகு அந்நாடு உடனடி நூடுல்ஸின் எண்ணெய்க்கு இந்த இரண்டு எண்களிலும் வரம்பு கட்டியது: அமில எண் 3, பெராக்சைடு 30. பொட்டலத்தில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கும் எண்ணெய், பாட்டில் எண்ணெயைவிடக் காற்றுக்கு அதிகம் ஆட்படுகிறது. முறுக்கு, சிப்ஸ், மிக்சர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

செக்குக்காரருக்கு வருவோம். முடிவைப் பார்த்ததும் அவர் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "அப்போ ஆட்டினதும் ரெண்டு நாள் வெயில்ல வைக்கறமே, அதுவும் தப்புங்களா?"

நியாயமான கேள்வி. செக்கில் ஆட்டிய எண்ணெய் கலங்கலாக இருக்கும். விதைத் துகளும் கொஞ்சம் ஈரமும் அதில் இருக்கும், நல்லெண்ணெய் என்றால் ஆட்டும்போது சேர்த்த கருப்பட்டியின் ஈரமும் சேரும். அந்த மண்டியை எண்ணெயோடு விட்டால் ஈரமும் நொதியும் சேர்ந்து அமில எண்ணை ஏற்றும். அதைத் தெளியவைக்கத்தான் வெயில். வெயிலின் சூட்டில் எண்ணெய் இளகி, துகள் அடியில் தங்கும், ஈரம் ஓரளவு ஆவியாகும். ஆக வெயில் அமில எண்ணைக் காக்கிறது. அதே வெயிலின் வெளிச்சம் பெராக்சைடு எண்ணை ஏற்றுகிறது. இரண்டையும் சமாளிக்க வழி இருக்கிறது. தேவை வெயிலின் சூடு மட்டும்தான், வெளிச்சம் தேவையில்லை. எண்ணெயைக் கண்ணாடியில் வைக்காமல், ஈரம் வெளியேறும்படி துணி கட்டித் தளர்வாக மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கலாம். செம்பும் பித்தளையும் வேண்டாம். அந்த உலோகங்கள் மிகச் சிறிய அளவில் எண்ணெயில் கரைந்தாலும் ஆக்சிஜனின் வேலையை முடுக்கிவிடும். தெளிந்ததும் மண்டியை விட்டு மேலெண்ணெயை மட்டும் இறுத்து, அடர்நிற பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிவிட வேண்டும். மேலே விடுகிற வெற்றிடமெல்லாம் ஆக்சிஜன்தான்.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். லினோலெயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய், ஒலெயிக் அமிலம் கூடுதலாக உள்ள கடலை எண்ணெயைவிட விரைவாகப் பெராக்சைடு சேர்க்கும். நல்லெண்ணெயிலும் லினோலெயிக் நிறையவே இருக்கிறது, ஆனால் எள்ளிலிருந்து வரும் செசமால் போன்ற பொருள்கள் அதைக் காக்கின்றன. தேங்காய் எண்ணெயில் ஆக்சிஜன் பற்றிக்கொள்ள இரட்டைப் பிணைப்பே குறைவு. அது கெட்டால் பெரும்பாலும் ஈரத்தால் கெடும், சோப்பு போன்ற வாடை அடிக்கும். அதற்கு அமில எண்ணைப் பார்ப்பதே பொருத்தம்.

மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் விதமும் முடிவைப் பாதிக்கும். பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலைப் பைக்கின் முன்பையில் போட்டு நாள் முழுக்க வெயிலில் சுற்றிவிட்டுக் கொடுத்தால், பெராக்சைடு எண் அந்தப் பயணத்தையும் சேர்த்தே சொல்லும். சிறிய அடர்நிற பாட்டிலில் வாய்வரை நிரப்பி, ஐஸ் பையில் வைத்து, ஆட்டிய தேதியை எழுதி, அன்றைக்கே கொடுப்பது நல்லது. பெராக்சைடு சோதனையைக் கொடுத்த உடனே செய்யும்படி கேட்டுக்கொள்ளவும் வேண்டும். அமில எண் ஓரிரு நாள் காத்திருக்கும்.

வீட்டில் வாங்குகிறவர்களுக்குப் பியூரெட் தேவையில்லை. ஆனால் செக்கு எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கும்போது ஆட்டிய தேதியையும் இந்த இரண்டு எண்களையும் கேட்கலாம். கேட்கிற வாடிக்கையாளர் சிலர் இருந்தாலே, வெயில் படும் முகப்பில் பளபளவென்று அடுக்கிவைக்கும் வழக்கம் குறையும். வாங்கியதைப் பெரிய கேனில் வைத்துத் தினமும் திறக்காமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு மீதியை மூடிவைக்கலாம். பழைய எண்ணெய் அடியில் இருக்கும் பாட்டிலில் புதியதை ஊற்றவே கூடாது. பழையதிலுள்ள பெராக்சைடு புதியதையும் உடனே கெடுக்கத் தொடங்கிவிடும். கழுவி, ஈரமில்லாமல் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும்.

பாட்டிலையும் இடத்தையும் மாற்றினால் அந்தச் செக்குக்காரரின் அடுத்த ஈட்டில் 23 என்பது கணிசமாக இறங்கும். அமில எண்ணைக் குறைக்க அவர் செய்ய வேண்டிய வேலை வேறிடத்தில் இருக்கிறது. மூட்டையைச் செக்கில் கொட்டுவதற்கு முன் சுருங்கிய பருப்பையும் கறுத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை நன்றாகக் காயவைத்து ஆட்ட வேண்டும்.